வெட்டி எடுத்த குத்துவிளக்கைச் சுற்றி வெள்ளைக் கோடு

கேள்வி: எங்கள் பாத்திரக்கடையில் விற்கும் பித்தளைக் குத்துவிளக்கை வெள்ளைத் துணி விரித்துப் படமெடுத்தேன். போட்டோஷாப்பில் வெட்டி, தீபாவளி விளம்பரத்துக்காகக் கருநீலப் பின்னணியில் வைத்தால் விளக்கைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. Feather கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் Feather அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரம் பிசிறடித்தால் Feather வை என்று டிடிபி வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுப்பதைக் காணும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. Feather என்பது தேர்வின் எல்லையை உள்ளும் புறமுமாகப் பரப்பும் வேலை. புறத்தே இருப்பது உங்கள் வெள்ளைத் துணிதான் என்பதால், அளவைக் கூட்டக் கூட்ட அந்தத் துணியைத்தான் நீங்கள் அதிகமாக வெட்டி எடுத்து வருகிறீர்கள்.

கோடு ஏன் வருகிறது என்பதை ஒரே ஒரு பிக்சலை வைத்துப் பார்த்துவிடலாம். விளக்கு முடிந்து துணி தொடங்கும் இடத்தில் இருக்கும் பிக்சலில் பாதி பித்தளையும் பாதி துணியும் கலந்திருக்கும். கருமைக்கு 0, வெண்மைக்கு 255 என்ற கணக்கில் பித்தளையின் ஓரம் 90, துணி 250 என்று கொண்டால், அந்தப் பிக்சல் 170 என்ற வெளிறிய நிறத்தில் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் இது கண்ணுக்கே படாது. ஆனால் 30 என்ற அளவிலான கருநீலத்தின் மேல் அந்த இடம் 60 ஆக இருக்க வேண்டும். முழுப் பிக்சலையும் வெட்டி வைத்திருந்தால் 170 ஆகவே நிற்கும், பாதி ஒளிபுகும்படி வெட்டியிருந்தாலும் 100 ஆக இருக்கும். பிக்சலை நீங்கள் கொண்டுவந்துவிட்டீர்கள். அதற்குள் கலந்த துணியும் கூடவே வந்துவிட்டது.

எனவே அந்த ஒரு பிக்சல் வரிசையை விட்டுவிடுவதுதான் தீர்வு. விளக்கை அழிப்பான் கொண்டு வெட்டாமல், பேனா கருவியால் வரைந்து, அந்தத் தேர்வை லேயர் மாஸ்க்காக மாற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்; அழித்து வெட்டியிருந்தால் மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்குவதே நேரம் மிச்சம். லேயர் பலகையில் படத்தை அல்ல, பக்கத்தில் இருக்கும் மாஸ்க்கின் சிறு கட்டத்தைச் சொடுக்கி, பிறகு Filter > Other > Minimum என்பதற்குப் போய், Radius 1 என்றும் Preserve என்ற இடத்தில் Roundness என்றும் வைத்தால், மாஸ்க் எல்லாப் பக்கமும் ஒரு பிக்சல் உள்வாங்கும். மூவாயிரம் பிக்சல் உயரமுள்ள படத்தில் ஒரு பிக்சல் குறைவதை யாராலும் கண்டுகொள்ள முடியாது. 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு இன்னும் இழையாகத் தெரிந்தால் இன்னொரு முறை செய்யலாம், மூன்றாவது முறை வேண்டாம்.

குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் அலகும் கொண்டையும் மட்டும் இந்த வழிக்கு ஒத்துவராது. நான்கு பிக்சல் தடிமனே உள்ள கொண்டையில் இருபுறமும் ஒன்று குறைந்தால் பாதிதான் மிஞ்சும். ஆகவே Minimum கொடுக்குமுன் அன்னத்தை லாசோவால் சுற்றி, Ctrl+Shift+I அழுத்தித் தேர்வைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள், அன்னம் தப்பிவிடும். Minimum முடிந்ததும் Ctrl+D அழுத்தித் தேர்வை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் அன்னத்தின் மேல் தூரிகை ஓடாது. அதன் ஓரத்துக்கு நிறம் பூசுவதே சரி. விளக்கின் லேயருக்கு மேலே ஒரு வெற்று லேயரைச் சேர்த்து, Alt+Ctrl+G அழுத்தினால் அது கீழே உள்ள விளக்கின் வடிவத்துக்குள் மட்டும் அடங்கி நிற்கும். ஓரத்திலிருந்து மூன்று நான்கு பிக்சல் உள்ளே இருக்கும் பித்தளை நிறத்தை எடுத்துச் சிறிய தூரிகையால் ஓரமாக இழுத்தால், வெளிறிய பிக்சல்கள் பித்தளை நிறம் பெறும், வடிவம் துளியும் குறையாது.

Layer > Matting பட்டியலில் Remove White Matte என்ற கட்டளை இருக்கிறதே என்று கேட்பீர்கள். துணி எந்த அளவு கலந்ததோ அதே அளவுக்கு ஓரம் ஒளிபுகுவதாக இருந்தால்தான் அதன் கணக்கு சரியாக வரும். கையால் வரைந்த எல்லை அப்படி அமையாது என்பதால், சில இடங்களில் வெள்ளை போய்க் கருப்பு விளிம்பு வந்து நிற்கும்.

மேலே சொன்ன எதற்கும் அசையாத ஒரு வெள்ளை உண்டு. உங்கள் பொருள் பளபளப்பான பித்தளை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். துலக்கிய பித்தளை கண்ணாடியைப் போன்றது. இருபுறமும் விரிந்திருந்த வெள்ளைத் துணி விளக்குத் தண்டின் வளைந்த விளிம்புகளில் பிரதிபலித்திருக்கும். இது பத்து இருபது பிக்சல் அகலமுள்ள, உள்பக்கமாகப் படிப்படியாக மங்கும் பட்டையாக இருக்கும். வெட்டும்போது கூட வந்த கோடோ ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் கத்தியால் கீறியதுபோல இருக்கும். சந்தேகமானால் Alt விசையோடு மாஸ்க்கின் கட்டத்தைச் சொடுக்குங்கள். வெளிறிய பட்டை இருக்கும் இடத்தில் மாஸ்க் முழு வெள்ளையாக இருந்தால், அது பித்தளையின் மேலேயே இருக்கும் ஒளி. எவ்வளவு உள்தள்ளி வெட்டினாலும் போகாது, விளக்குதான் மெலியும்.

அதற்கும் அதே முறையில் அடங்கிய ஒரு லேயர் போதும், ஆனால் அதன் கலப்பு முறையை Multiply என்று மாற்றி, பக்கத்திலிருக்கும் கரும்பித்தளை நிறத்தை எடுத்து, மென்மையான பெரிய தூரிகையை 15 விழுக்காடு அடர்த்தியில் வைத்து, இரண்டு மூன்று முறை மெதுவாக ஓட்டுங்கள். அடியோடு மறைத்துவிடாதீர்கள், சிறிது மினுக்கம் இருந்தால்தான் உலோகம் உலோகமாகத் தெரியும். அடுத்த முறை படமெடுக்கும்போது விளக்கின் இருபக்கமும், சட்டகத்துக்குச் சற்று வெளியே, கருப்புச் சார்ட் காகிதத்தை நிறுத்திவையுங்கள். துணிக்குப் பதில் அந்தக் கருமை விளிம்பில் பிரதிபலித்து, பின்னணிக்கு ஏற்ற ஓரம் படத்திலேயே கிடைத்துவிடும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வெட்டித்தரும் தரகர்களிடம் கொடுக்கும் கடைக்காரர்கள் பலர். அப்படி ஒருவர் வெட்டிய நாற்பது பாத்திரப் படங்கள் சென்ற ஆண்டு என்னிடம் வந்தன. எல்லாவற்றையும் வெள்ளைப் பின்னணியில் வைத்துச் சரிபார்த்து அனுப்பியிருந்தார். கருப்பில் வைத்ததும் நாற்பதிலும் கோடு. சிலவற்றில் கோட்டை மறைப்பதற்காகச் சுற்றிலும் Outer Glow வேறு போட்டிருந்தார். வெளியே கொடுப்பதானால் மாஸ்க் உள்ள PSD கோப்பைக் கேளுங்கள், வந்ததும் அடியில் முழுக் கருப்பு லேயரை வைத்துப் பாருங்கள், அதன் பிறகு பணம் கொடுங்கள். PNG கோப்பை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வாங்காதீர்கள்; அது JPEG ஆக மாறி ஒளிபுகும் தன்மையையே இழந்து வரும். டாக்குமென்ட் என்று அனுப்பச் சொல்ல வேண்டும்.

உங்கள் அச்சகம் JPEG தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விளக்கை மட்டும் வெட்டிக் கொடுத்து அவர்களைப் பொருத்தச் சொல்லாமல், கருநீலத்தின் மேல் நீங்களே பொருத்தி, ஓரங்களைப் பார்த்து முடித்த முழு விளம்பரத்தையும் உயர்ந்த தரத்தில் சேமித்துக் கொடுங்கள்.