இரண்டு மாதிரிகள் போதும்

"தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத விரும்புவதாக மூன்று இதழ்களுக்கு ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்பினேன். வெளியான என் பதினொரு கட்டுரைகளையும் இணைத்தேன். சினிமா விமர்சனம், மீன்பிடித் துறைமுகம், பனையேறி ஒருவரின் பேட்டி எல்லாம் அதில் உண்டு. ஒருவரும் பதில் போடவில்லை. எங்கே தவறு?"
– ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர், தூத்துக்குடி

பதினொன்றையும் யார் திறப்பார்கள்? நான் ஆசிரியர் குழுவில் இருந்தபோது கைக்கு முதலில் அகப்படுவதைத்தான் திறப்பேன். பெரும்பாலும் அது எழுதியவரின் சுமாரான கட்டுரையாக இருந்துவிடும்.

இரண்டு போதும், ஆனால் அவை இரண்டு வேறு சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். கடற்கரை உழைப்பாளிகளின் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும் என்பதற்குத் துறைமுகக் கட்டுரை. ஒருவரைப் பேசவைத்து எழுதத் தெரியும் என்பதற்குப் பனையேறி பேட்டி. சினிமா விமர்சனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே வேண்டாம்.

பெரிய தவறு வேறு. 'உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி' என்றால் எதைப் பற்றி? கூலியா, கண் எரிச்சலா, குடிதண்ணீரா? வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் வீட்டுச் செலவு எப்படி நடக்கிறது என்பது ஒரு கட்டுரை. நானாக இருந்தால் ஆகஸ்டிலேயே இப்படி அனுப்புவேன்:

"பொருள்: கட்டுரை யோசனை – மழை மாதங்களில் உப்பளக் குடும்பங்கள், 1,200 சொற்கள்

வணக்கம். மழையில் உப்பு வாருவது நின்றதும் தொழிலாளர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள், யாரிடம் கடன் வாங்குகிறார்கள், அரசின் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளுக்குத் தாங்குகிறது என்று எழுத நினைக்கிறேன். மூன்று குடும்பங்கள், ஒரு கங்காணி, ஒரு சங்க நிர்வாகி ஆகியோரிடம் பேசுவேன். இரண்டு குடும்பங்கள் சம்மதித்துவிட்டன. உப்பு விலையும் தொழிலாளர்களின் உடல்நலமும் இதில் வராது. நான்கு படங்களுடன் நவம்பர் 10 அன்று தருகிறேன். என் இரண்டு கட்டுரைகளின் இணைப்புகள் கீழே."

'இதில் வராது' என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதிவிட்டால், பாதியில் ஆசிரியர் "அப்படியே உப்பு ஏற்றுமதியையும் சேர்த்துவிடுங்கள்" என்னும்போது, அது கூடுதல் வேலை, அதற்குக் கூடுதல் நாளும் பணமும் வேண்டும் என்று சொல்ல இடம் கிடைக்கும். 'சம்மதித்துவிட்டன' என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஆசிரியர் சரி என்றபின் ஆள் தேடி அலைந்து தேதியைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டுரைகளைக் கோப்பாக இணைக்காமல், வெளியான பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். அச்சில் மட்டும் வந்தது என்றால் அந்தப் பக்கத்தின் பிடிஎஃப். எதற்காக அதைப் படிக்க வேண்டும் என்று இணைப்புக்கு அருகிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், மூன்று இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். இரண்டு பேர் சரி என்றால் ஒருவரை இழப்பீர்கள். ஒருவருக்கு அனுப்பி, இரண்டு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சலின் கீழே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். இன்னொரு வாரம் பதில் இல்லையென்றால், வேறு இதழுக்குக் கொடுப்பதாக அவருக்குத் தெரிவித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பலாம்.