கற்பனை இனங்களுக்குப் பெயர் வைப்பது: தமிழில் எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது

கேள்வி: தமிழில் ஒரு கற்பனை உலகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து இனங்கள் வருகின்றன. ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நான் வைக்கும் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. பெயரைக் கேட்டவுடனே இவர் இந்த இனம் என்று தெரியும்படி ஒரு முறையை எப்படி உருவாக்குவது?

பதில்:

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. ஒரு கிளினிக் கவுண்டரில் பெயர் கூப்பிடுவது என் வேலை. மலாய்க்காரர், சீனர், தமிழர், மலையிலிருந்து இறங்கி வரும் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி என்று காலையிலிருந்து மாறி மாறிக் கூப்பிடுவேன். அட்டையைப் பார்த்து வாயைத் திறக்கும்போதே யார் எழுந்து வரப்போகிறார் என்பது பாதி தெரிந்துவிடும். அந்தப் 'பாதி தெரிவது' கதைக்குள்ளும் வர வேண்டும் என்றுதான் நானும் தொடங்கினேன். முதல் முயற்சி படுதோல்வி.

காரணத்தைச் சொல்கிறேன். உங்களுக்கும் அதே பிரச்சினையாக இருக்கலாம். ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, ஆற்றோர மக்களுக்கு மென்மையான ஒலிகள், மேட்டு நில மக்களுக்கு வன்மையான ஒலிகள் என்று பிரித்தேன். ஒரு இனத்துக்குப் 'பந்து'வில் வரும் ப, இன்னொன்றுக்குப் 'பஸ்'ஸில் வரும் ப. ஒன்றுக்குக் 'கல்'லின் க, இன்னொன்றுக்குக் 'கேஸ்' அடுப்பின் க. என் மனதுக்குள் இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. காகிதத்தில் இரண்டும் ஒரே எழுத்து. என் தம்பி இரண்டாம் அத்தியாயம் படித்துவிட்டு, "அக்கா, இந்தப் பாரியும் அந்தப் பாரியும் ஒரே ஆளா?" என்று கேட்டான். இருவரும் எதிரிகள்.

ஆகவே தமிழில் எழுதினால் வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. குறில், நெடில். வல்லினம் தனியாக வருவதும் இரட்டிப்பதும். சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம் என்பது. இவை போதும். கிரந்த எழுத்துகளை ஒரு இனத்துக்கு ஒதுக்கலாமே என்று தோன்றும். நான் அதைச் செய்யவில்லை. ஸ, ஹ, ஜ வந்தாலே நம் வாசகருக்கு வடமொழிப் பெயரோ மலாய்ப் பெயரோதான் நினைவுக்கு வருகிறது, புது இனம் பிறப்பதில்லை.

இன்னொன்று தானாகவே நமக்கு உதவுகிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினத்தைத் தமிழர் மென்மையாகத்தான் படிப்பார்கள். இரட்டித்தால் அழுத்திப் படிப்பார்கள். 'பகல்' என்பதையும் 'பக்கம்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். நான் தேடிய மென்மையும் வன்மையும் அங்கேயே கிடந்தன.

சரி, இப்போது என்னுடைய முறை. பள்ளியில் படித்த மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளைத்தான் எடுத்துக்கொண்டேன். நன்னூல் சொல் முதலில் வரக்கூடிய எழுத்துகள் 22 என்று வரையறுக்கிறது. ட, ர, ல போன்றவை அதில் இல்லை. அதனால்தான் ராமன் இராமன் ஆனான், லங்கா இலங்கை ஆனது. அதேபோல் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். அவர் வாயில் எங்கள் ஊர்ப் பெயர் 'சுங்கை சிப்புட்டு'. கடைசியில் ஒரு உகரம் போடாமல் அவரால் சொல்லை முடிக்க முடியாது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பதைப் 'பெரட்டு' என்பார். பரேடு என்ற சொல் அப்படி ஆகிவிட்டது. ஒரு மொழிக்கு முகம் தருவது அது எந்த ஒலியை வைத்திருக்கிறது என்பதைவிட, எதை அனுமதிக்க மறுக்கிறது என்பதுதான் என்று பாட்டி பேசும்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

எனவே ஒவ்வொரு இனத்துக்கும் மூன்றே மூன்று தடைகள் எழுதினேன்.

ஆற்றோர மக்களின் சொல்லில் முதல் அசை குறிலாக இருக்கக்கூடாது. வல்லினம் இரட்டிக்கக்கூடாது. சொல் உயிரிலோ ல், ர் இரண்டிலோ அல்லாமல் வேறு எதிலும் முடியக்கூடாது. தொடக்க எழுத்தில் அவர்கள் நன்னூலைப் பின்பற்றுகிறார்கள். அப்படிப் பிறந்த பெயர்கள்: தூமில், மீயல், கோவிர், நேமா, ஓமிரை, வாரிந்தை.

மேட்டு நில மக்களிடம் நெடிலே கிடையாது. இரண்டு அசைச் சொல் என்றால் நடுவில் வல்லினம் இரட்டித்தே ஆக வேண்டும். எந்தச் சொல்லும் க், ட், ப் தவிர வேறு எதிலும் முடியாது. தமிழ் தொடங்கத் தயங்கும் ட, ர இரண்டிலும் இவர்கள் தாராளமாகத் தொடங்குவார்கள். ரெப்பட், டக்குப், கொட்டிக், பிட்டொப்.

இரண்டு வரிசையையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த விளக்கமும் தேவைப்படாது.

சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். 12 பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலந்து, கதையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்வேன். பழைய பெயர்களில் தம்பி 5 சீட்டுகளைத் தவறாகப் போட்டான். அது கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்குச் சமம். புதியவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு சீட்டு தவறினால் அந்தப் பெயரை மாற்றுங்கள். மூன்று, நான்கு தவறினால் தடைகளே போதாது என்று பொருள்.

அந்தச் சோதனையில் வேறொரு சிக்கலும் வெளிப்பட்டது. நேமா என்பவர் என் கதையில் வயதான படகோட்டி. தம்பி அவரைப் பெண் என்றே நினைத்திருந்தான். -அன் என்று முடிந்தால் ஆண், -ஆ, -இ, -ஐ என்று முடிந்தால் பெண் என்று நம் காது பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்டி நான் ஜெயிக்க முடியாது. அதனால் ஆற்றோர ஆண்களுக்கு ல், ர் முடிவு, பெண்களுக்கு உயிர் முடிவு என்று வைத்துவிட்டேன். படகோட்டி இப்போது மீயல். -அன் முடிவை இரண்டு இனத்துக்கும் தரவில்லை, அது வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஆகிவிடுகிறது. மேட்டு மக்கள் பெயரில் ஆண், பெண் வேறுபாடே இல்லை. அதுவும் அவர்களின் அடையாளம்.

அப்புறம், ஒலி மட்டும் போதாது, பெயரைக் கோர்க்கும் வரிசையும் வேண்டும். மலாயில் பத்து காஜா என்றால் பத்து கல், காஜா யானை. முதலில் கல், பிறகுதான் அது என்ன கல் என்பது. சுங்கை சிப்புட்டும் அப்படித்தான், முதலில் ஆறு, பிறகு நத்தை. தமிழில் மதுரைக்குப் பக்கத்தில் இருப்பது யானைமலை. யானை முன்னால், மலை பின்னால். இந்த ஒரு திருப்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆற்றோர மொழியில் சேல் வெள்ளை, ஊல் ஆறு. வெள்ளாறு சேலூல். மேட்டு மொழியில் டெப் மலை, பக்கொட் வெள்ளை. வெண்மலை டெப் பக்கொட். இப்படி இனத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருந்தால் வரைபடம் முழுவதையும் நிரப்பிவிடலாம்.

ஆள் பெயரிலும் இதே மாதிரி. எங்கள் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகன், மகள் என்று பொருள்படும் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் இருக்கும். மலாய்க்காரருக்கு அதே இடத்தில் 'பின்', 'பிந்தி' என்ற சொற்கள். சீனருக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். மேட்டு மக்களுக்கு 'இக்' என்று ஓர் இணைப்புச் சொல் வைத்தேன். ரெப்பட் இக் டக்குப் என்றால் டக்குப்பின் பிள்ளை ரெப்பட். ஆற்றோரத்தாருக்குப் பெற்றோர் பெயர் வராது, பிறந்த துறையின் பெயர் முன்னால் வரும். சேலூல் மீயல்.

கடைசியாக, நான் மிகவும் ரசித்துச் செய்த வேலை. இரண்டு இனமும் பக்கத்தில் இருந்தால் ஒருவர் பெயரை மற்றவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் பத்துமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் பத்து என்றால் கல் என்று மேலே சொன்னேன். தமிழ்க் காதுக்கு அது எண்ணாகக் கேட்டது, பின்னால் நம் சொல்லான மலையும் ஒட்டிக்கொண்டது. என் கதையில் ஆற்றோரத்தார் டெப் பக்கொட் என்ற பெயரைக் கேட்கிறார்கள். அவர்களால் ட-வில் தொடங்க முடியாது, அதனால் த. முதல் அசை குறிலாகக்கூடாது, அதனால் தே. ப்-இல் முடியாது, அதனால் உகரம். டெப் 'தேபு' ஆகிறது. அது மலையைக் குறிக்கும் சொல் என்பது தெரியாததால் தங்கள் மொழியின் மலையான 'ஏலை'யையும் சேர்க்கிறார்கள். பக்கொட் நாளடைவில் உதிர்ந்துவிடுகிறது. அந்த மலை அவர்களுக்குத் தேபேலை. பொருள் பார்த்தால் 'மலைமலை'. மறுபக்கம், மேட்டார் வாயில் சேலூல் நெடில்களை இழந்து, கடைசி ல் ட் ஆகி, 'செலுட்' ஆகிறது. நடுவில் வல்லினம் இரட்டிக்காததால் அது இரவல் சொல் என்பது கவனிப்பவருக்குத் தெரியும். அதை வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டேன்.

இதில் ஓர் எல்லை உண்டு. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் என்றால் வாசகர் இரண்டையும் சுமக்க வேண்டும். நான் முழுக் கதையிலும் 3 இடங்களுக்கு மட்டுமே இப்படிச் செய்திருக்கிறேன். மூன்றும் எல்லை ஓரத்து இடங்கள். டெப் பக்கொட் அடிவாரத்தில் மீயலும் ரெப்பட்டும் வழி பேசும் காட்சியில், ஒருவர் தேபேலை என்கிறார், மற்றவர் முதலில் புரியாமல் நிற்கிறார், பிறகு கையைக் காட்டி அந்த மலையா என்று கேட்கிறார். இரண்டு பெயரும் ஒன்றுதான் என்பதை அந்த இடத்தில்தான் வாசகரும் தெரிந்துகொள்கிறார்.