பின்பாக்கெட்டில் போன் வைத்தால் பாட்டு அறுந்து போகிறது, இயர்பட்ஸ் பழுதா?

கேள்வி: காலையில் டர்பன் கடற்கரையில் நடக்கும்போது போனை ஜீன்ஸின் இடது பின்பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். இயர்பட்ஸில் பாட்டு விட்டு விட்டு வருகிறது. வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?
- வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: அவசரப்படாதீர்கள். வீட்டில் நன்றாகப் பாடுகிறது என்பதே ஒரு துப்பு.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அந்த அலையை நீர் நன்றாக உறிஞ்சும். நம் உடம்பிலோ பெரும்பகுதி நீர்தான். சதைக்குள் சில சென்டிமீட்டர் போவதற்குள் சிக்னலில் பெரும்பங்கு கரைந்துவிடும். பின்பாக்கெட்டில் போன் இருந்தால் இடுப்பு, முதுகு, தலை எல்லாம் குறுக்கே நிற்கின்றன. இயர்பட்ஸுக்குள் இருக்கும் ஆன்டெனாவோ மிகச் சிறியது. பெட்டியில் போட்டிருக்கும் 10 மீட்டர் என்பது நடுவில் எதுவும் இல்லாதபோதுதான்.

வீட்டில் மட்டும் எப்படி? அங்கே சிக்னல் உடம்பைத் துளைத்து வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து, சுற்றிக்கொண்டு காதுக்கு வந்துவிடுகிறது. கடற்கரையில் ஒரு பக்கம் கடல், மேலே வானம். தெறித்து வர எதுவும் இல்லை.

இன்னொன்று. பல ஜோடிகளில், முக்கியமாகப் பழைய வடிவமைப்பில், ஒரு காதுக்கருவிதான் போனோடு பேசும். மற்றதற்கு அது பாட்டைக் கடத்தும். அந்த முதன்மைக் கருவி வலது காதில் இருந்து, போன் இடது பின்பாக்கெட்டில் இருந்தால் அதைவிட மோசமான இடம் கிடையாது. வலது காதில் மட்டும் மாட்டி நடந்து பாருங்கள், அப்புறம் இடதை மட்டும். ஒன்றில் தெளிவாக இருந்தால் போனை அந்தப் பக்கத்து முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். எல்டிஏசி போன்ற உயர்தர ஒலி இயங்கினால் அதையும் அணைத்துவிடுங்கள். அதற்கு நொடிக்கு அதிகத் தரவு வேண்டும்; சிக்னல் சற்றுத் தளர்ந்தாலும் பாட்டு அறுந்துவிடும்.

பழுதா என்று தீர்மானிக்க, அதே திறந்த வெளியில் போனைக் கையில் பிடித்து நெஞ்சுக்கு நேரே வைத்துக் கேளுங்கள். உள்ளங்கையால் போன் முழுவதையும் மூடிவிடாதீர்கள். அப்போதும் அறுந்தால், வேறொரு போனோடும் இணைத்துப் பாருங்கள். அதிலும் அறுந்தால் கருவியில்தான் கோளாறு. அந்த நிலையில் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-இன் 56ஆம் பிரிவு உங்கள் பக்கம். பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. பின்பாக்கெட்டில் மட்டும் அறுந்து கையில் பிடிக்கும்போது சரியாகப் பாடினால் அதைக் குறைபாடு என்று வாதாடுவது கடினம். நானாக இருந்தால் கடைக்குப் போகமாட்டேன்.