தைரொயிட் குளிசையும் விடியற்காலைக் கோப்பியும்

கேள்வி: எனக்கு 46 வயது. தைரொக்சின் 50 எடுத்து வந்தேன். போன கிளினிக்கில் ரி.எஸ்.எச் 7.8 என்று பார்த்து 75 ஆக்கிவிட்டார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பால் கோப்பியோடு குளிசையைப் போட்டுவிட்டுத்தான் சமையலைத் தொடங்குவேன். காலைச் சாப்பாட்டோடு இரும்புக் குளிசையும் கல்சியமும். வயிற்றெரிவுக்கு ஒமிப்ரசோலும் இருக்கிறது. ஆறரைக்கு பஸ் ஏற வேண்டும். கோப்பியை விட்டே ஆக வேண்டுமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: விடத் தேவையில்லை. குளிசைக்கும் கோப்பிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள், அது போதும். ஆனால் நாளைக்கே அப்படி மாற்றுவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் காரணத்தைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறோம்.

தைரொக்சின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினாலும் முழுதாக உள்ளே போவதில்லை; நூற்றுக்கு 60 முதல் 80 வரைதான் இரத்தத்தில் சேரும். கோப்பி கூடவே போனால் மருந்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தாலிய மருத்துவர்கள் 2008இல் இதைச் சோதித்தபோது, கோப்பியோடு குளிசை எடுத்தவர்களின் இரத்தத்தில் தைரொக்சின் ஏறிய அளவு காற்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அது பால் கலக்காத கோப்பி. உங்களுடையது பால் கோப்பி என்பதால் பாலில் உள்ள கல்சியமும் சேர்ந்து மருந்தைப் பிடிக்கும். பால் சேர்க்காமல் குடித்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பது தவறு.

ஆகவே எழும்பியவுடன் கட்டிலடியில் வைத்த தண்ணீரோடு குளிசையை விழுங்குங்கள். ஐந்து மணிக்குப் போட்டால் ஆறு மணிக்குக் கோப்பி. அதற்குள் தேங்காய் துருவி, இடியப்பம் அவித்து, சம்பலும் அரைத்துவிடலாம். கோப்பியும் சாப்பாடும் முடித்து ஆறரை பஸ்ஸையும் பிடிக்கலாம். எழும்பப் பிந்திய நாளில் அரை மணித்தியாலம் என்றாலும் இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைத்தால் பயன் சந்தேகம்தான்.

இரும்பும் கல்சியமும் கோப்பியை விடப் பெரிய இடைஞ்சல். இரண்டும் தைரொக்சினோடு ஒட்டி, உறிஞ்ச முடியாத சேர்மமாகிவிடும். ஒரு மணித்தியால இடைவெளி அவற்றுக்குப் போதாது, நான்கு மணித்தியாலம் வேண்டும். உங்கள் நாளில் இரும்புக் குளிசையைப் பகல் சாப்பாட்டோடும் கல்சியத்தை இரவுச் சாப்பாட்டோடும் வைப்பது வசதி. இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள், கல்சியம் இரும்பையும் தடுக்கும். இன்னொன்று: சாப்பாட்டுக்குப் பின் அலுவலகத்தில் உடனே வரும் பிளேன்டீயில் உள்ள தனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரும்புக் குளிசை எடுத்து ஒரு மணித்தியாலமாவது போகட்டும், இரண்டு என்றால் இன்னும் நல்லது. சாப்பாட்டில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு ஏற உதவும்.

ஒமிப்ரசோலின் கதை வேறு. அது தைரொக்சினோடு ஒட்டுவதில்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது, அமிலம் குறைந்தால் குளிசை சரியாகக் கரையாது. அதனால் மணிக்கூட்டைப் பார்த்து இடைவெளி விட்டும் பலன் இல்லை. அமிலம் நாள் முழுவதும் குறைந்தே இருக்கும். ஒமிப்ரசோல் தொடர்ந்து தேவையென்றால், தைரொக்சினின் அளவை அதற்கேற்ப வைத்தியர் கூட்டித் தருவார். தேவையில்லை என்று நிறுத்தினாலும் அவரிடம் சொல்ல வேண்டும். அது சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் எடுக்க வேண்டிய மருந்து என்பதால், ஐந்து மணிக்குத் தைரொக்சினோடு சேர்த்து விழுங்குவதில் பிழை இல்லை.

இனி வைத்தியரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்பது. உடலில் தைரொக்சின் குறையும்போது ரி.எஸ்.எச் ஏறும். 7.8 என்பது கூடுதல்தான், வழமையான அளவு ஏறத்தாழ 0.4இலிருந்து 4 வரை. ஆனால் 50 மைக்ரோகிராம் போதவில்லை என்பதா, அல்லது 50இல் பாதியைக் கோப்பியும் கல்சியமும் தின்றுவிட்டன என்பதா என்று அந்த ஒரு எண்ணைப் பார்த்துத் தெரியாது. இரண்டாவதுதான் உண்மையென்றால், இப்போது 75ஐத் தண்ணீரோடு சரியாக எடுக்கத் தொடங்கும்போது மருந்து மிஞ்சிப்போகும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத வியர்வை, தூக்கமின்மை, எடை குறைதல் வந்தால் அதுதான் என்று சந்தேகியுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் இவற்றை வேறொன்றாக நினைத்துக்கொள்வது சுலபம். இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். ஆகவே "இதுவரை கோப்பியோடு எடுத்தேன், இனித் தண்ணீரோடு எடுக்கப் போகிறேன்" என்று சொல்லி, 75ஐத் தொடர்வதா, 50க்குத் திரும்புவதா என்று கேளுங்கள். எதுவானாலும் ஆறு முதல் எட்டுக் கிழமையில் மறுபடி ரி.எஸ்.எச் பார்க்க வேண்டும். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் எடுக்கும் என்பதால், இரண்டு கிழமையில் பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

அதே காரணத்தால் ஒரு நாள் மறந்தாலும் பயப்பட வேண்டாம். கோப்பி குடித்த பிறகு நினைவு வந்தால், சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் தண்ணீரோடு எடுங்கள், பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலமாவது முன்னால். அன்றைக்கு மட்டும் இரும்பை விட்டுவிடலாம். மறுநாள் இரட்டிப்பாகப் போடுவது மட்டும் வேண்டாம்.

காலையில் ஒருபோதும் சரிவராது என்பவர்கள் இரவில் எடுக்கலாம். ஆனால் கடைசிச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணித்தியாலம் கழிந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுக்கிற வீட்டுக்கு அது ஒத்துவராது. உங்கள் கல்சியமும் இரவில்தான் வருகிறது.

வேறு குளிசைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பிரஷருக்கு எடுக்கும் லோசாட்டனுக்குக் கோப்பியோடு வம்பு இல்லை. மெற்போமினைச் சாப்பாட்டோடு எடுங்கள், அதற்கும் கோப்பி தடையல்ல. எலும்புத் தேய்வுக்கு வாரமொருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேட்டுக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும். வெறும் தண்ணீர் ஒரு கிளாஸ், அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்திருத்தல், அதற்குப் பிறகுதான் கோப்பி. கோப்பியோடு எடுத்தால் உள்ளே போவதில் பாதிக்கு மேல் வீணாகும்.

கொழும்பின் வெப்பமும் ஈரக்காற்றும் தைரொக்சினைக் கெடுக்கும். குளிசைகளைத் தகட்டிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி அடுப்படித் தட்டில் வைப்பதை நிறுத்துங்கள். தகட்டோடே படுக்கையறையில் வையுங்கள், தண்ணீரும் அங்கேயே இருக்கட்டும்.

இரத்தம் எடுக்கும் நாளில் குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முன்னமே விழுங்கினால் ரி.எஸ்.எச் மாறாது, ஆனால் கூடவே பார்க்கும் எப்.ரி4 என்ற தைரொக்சின் அளவு சில மணித்தியாலம் உயர்ந்து காட்டும். இரத்தம் கொடுத்ததும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் கோப்பி.