104 கிலோ அம்மாவுக்கு எத்தனை கலோரி?

கேள்வி: "மேடம், அம்மாவுக்கு 52 வயசு, உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ, சுகர் உண்டு. தொப்புள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி ஒன்பது நாளாச்சு. காயத்தில் சீழ் வைத்ததால் இன்னும் வார்டில்தான் இருக்கிறார். முதலில் வந்த டயட்டீஷியன் ஒரு நாளைக்கு 2,600 கலோரி வேணும் என்றார். அவர் லீவில் போனதும் வந்தவர் 1,250 போதும், அப்படியே எடையும் குறையும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டும் வேண்டாம். 1,500 கலோரிக்கு அக்கம்பக்கம் போதும். ஆனால் அதற்குள் புரதம் குறையக் கூடாது.

அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 104-ஐ 25-ஆல் பெருக்கினால் 2,600. அம்மாவின் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை சுமார் 50 கிலோ; அதை 25-ஆல் பெருக்கினால் 1,250. ஆக இருவரும் ஒரே வாய்ப்பாட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கிலோவுக்கு 25 கலோரி என்பது கல்லூரியில் முதல் வருஷத்திலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. எந்தக் கிலோ என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒரு டயட்டீஷியன் எத்தனை படுக்கை பார்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து நிமிஷக் கணக்கு இது.

உடம்பில் எல்லாக் கிலோவும் ஒரே அளவு சாப்பிடாது. மூளை, கல்லீரல் போன்ற உறுப்புகள் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 200 கலோரியோ அதற்கு மேலோ எரிக்கும். ஓய்வில் இருக்கும் தசை கிலோவுக்கு 13 கலோரி எரிக்கும். கொழுப்புக்கு நான்கரைதான். அம்மாவிடம் இருக்க வேண்டியதைவிட 54 கிலோ கூடுதலாக இருக்கிறது. அதற்கும் கிலோவுக்கு 25 என்று கணக்கு போட்டால், கேட்காத வாய்க்கு ஊட்டுவதுதான். அதற்காக அந்த 54 கிலோவை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. பருமனான உடம்பைத் தாங்க தசையும் கொஞ்சம் கூடியிருக்கும், இதயமும் கூடுதலாக உழைக்கும். கூடுதல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிக் கொழுப்பல்லாத திசு என்று வைத்துக்கொண்டுதான் 'சரிக்கட்டிய எடை' என்ற ஒன்றை வார்டில் எடுத்துக்கொள்கிறோம். இது தராசில் தெரியும் எடை இல்லை, கணக்குக்கு மட்டும் பயன்படுவது.

அம்மாவுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். ஹாம்வி என்பவர் 1964-ல் சொன்ன முறைப்படி, பெண்களுக்கு ஐந்து அடிக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2.2 கிலோ. 158 செ.மீ. என்பது ஐந்து அடி இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே. அதனால் இருக்க வேண்டிய எடை 50 கிலோ. கூடுதல் 54, அதில் கால் பங்கு 13.5. இரண்டையும் கூட்டினால் சரிக்கட்டிய எடை 63.5 கிலோ.

அடுத்தது சமன்பாடு. மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்று பெயர், 1990-ல் வந்தது. பெண்களுக்கு இப்படி:

10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது − 161

ஆண்களுக்கு கடைசியில் 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும், மற்றதெல்லாம் ஒன்றுதான். அம்மாவுக்கு 635 + 987.5 − 260 − 161; வருவது 1,200. இது அசையாமல் படுத்திருந்தால் ஆகும் செலவு. காயம், சீழ், கட்டிலிலிருந்து எழுந்து பாத்ரூம் வரை நடப்பது இவற்றுக்காக 1.2 அல்லது 1.25-ஆல் பெருக்கினால் 1,440 முதல் 1,500 வரை வரும்.

இங்கேதான் பெரிய குழி. மிஃப்லின் சமன்பாடு முதலில் உருவானது நடமாடுகிறவர்களின் தராசு எடையை வைத்து. அதனால் உண்மை எடையைத்தான் போட வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை. 104 போட்டால் சுமார் 1,605 வரும். அதோடு நிறுத்திக்கொண்டால் நம் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். ஆனால் 104-ஐப் போட்டு, அதை மறுபடி 'நோய் அழுத்தம்' என்று 1.5-ஆல் பெருக்கி 2,400 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை எடையைப் போட்டால் பெருக்காதீர்கள். பெருக்க வேண்டுமென்றால் சரிக்கட்டிய எடையைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நான் வார்டில் அதிகம் பார்க்கிற தவறு.

சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. ஐ.சி.யு. நோயாளிகளுக்காக ஆஸ்பென் என்ற அமெரிக்கச் சங்கம் 2016-ல் சொன்னது, பி.எம்.ஐ. 30 முதல் 50 வரை இருந்தால் உண்மை எடைக்கு கிலோவுக்கு 11 முதல் 14 கலோரி. அம்மாவின் பி.எம்.ஐ. 42-க்குச் சற்றுக் குறைவு; கணக்குப் பார்த்தால் 1,144 முதல் 1,456. வார்டுக்கு வந்து எழுந்து நடக்கிறவருக்கு அதன் மேல் முனையோ, அதற்குக் கொஞ்சம் மேலோ பொருந்தும். பாதை வேறாக இருந்தாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். உங்கள் அம்மா வென்டிலேட்டரில் இருந்தால் வேறு சமன்பாடு வேண்டும். அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைக் கேட்பதில்லை. அந்த 104 எந்த நாள் எடுத்த எடை? ஆபரேஷனுக்கு முன்பா, பின்பா? சீழ் பிடித்த நோயாளிக்கு முதல் சில நாட்களில் ட்ரிப் ஏற்றி ஏற்றி உடம்பில் ஏழெட்டு லிட்டர், சில சமயம் பத்து லிட்டர்கூடத் தங்கிவிடும். தராசு அதையும் எடை என்றே காட்டும். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பு மேல் கட்டைவிரலை அழுத்தி ஐந்து வரை எண்ணிவிட்டு எடுங்கள். பள்ளம் உடனே நிரம்பாமல் நின்றால் அது நீர். தண்ணீருக்குக் கலோரி வேண்டாம்.

அம்மாவின் 104-ல் 10 கிலோ நீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசல் எடை 94, கூடுதல் 44, கால் பங்கு 11, சரிக்கட்டிய எடை 61. தேவை முப்பது கலோரி மட்டுமே குறைகிறது. ஒரு இட்லிகூட இல்லை. அதே பத்து கிலோவை 25-ஆல் பெருக்கியிருந்தால் 250 கலோரி தப்பாகியிருக்கும். சரிக்கட்டிய எடையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது தராசின் பொய்யைப் பெரிதாக்காது. ஆனால் நீர் இன்னொரு வேலை செய்யும். தசை கரையும்போது அந்த இடத்தை நீர் நிரப்பி எடையை அப்படியே வைத்திருக்கும். "எடை குறையலையே, நல்லாத்தானே இருக்காங்க" என்று ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டுப் போவார்கள். எடையைப் பார்க்காதீர்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

1,250 போதும் என்பவரின் வாதம் இங்கேதான் இடறுகிறது. சீழும் காய்ச்சலும் இருக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் பார்த்து எரிக்காது. கையில் அத்தனை கொழுப்பு இருந்தும் தசையை உடைத்துக்கொண்டே இருக்கும். எடை குறைப்பை வீட்டுக்குப் போய் மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

அதனால்தான் புரதம். ஐரோப்பிய எஸ்பென் சங்கத்தின் 2019 கணக்கில் சரிக்கட்டிய எடைக்கு கிலோவுக்கு 1.3 கிராம், அதாவது 83 கிராம். ஆஸ்பென் கணக்கில், பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டினால் இருக்க வேண்டிய எடைக்கு 2.5 கிராம் வரை, அதாவது 125. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தால் நூறு கிராம் என்று குறி வைக்கலாம். இப்போது ஆஸ்பத்திரித் தட்டைப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி. எல்லாம் சேர்த்தாலும் முப்பது கிராம் தேறுவது கஷ்டம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு, நூறு கிராம் வெந்த மீனில் இருபதுக்கு மேல். 'டயபடிக் டயட்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் போதும் என்று நினைக்கும் இடங்களில் இதையெல்லாம் நீங்கள்தான் வாய் விட்டுக் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த பவுடர் டின். வார்டு வாசலில் யாராவது வந்து, "ஆபரேஷன் பேஷன்ட்டா? இதைக் கலக்கிக் கொடுங்க, டாக்டரே சொல்வார்" என்று கையில் திணிப்பார்கள். கீழே மெடிக்கல் ஷாப்பிலும் அதுவே எடுத்து வைத்திருக்கும். சில டின்கள் உண்மையிலேயே உதவும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பின்பக்கச் சிற்றெழுத்தைப் படியுங்கள். நூறு கிராமில் 420 கலோரி, புரதம் 16 கிராம் என்று இருந்தால், அதைக் கொண்டே நூறு கிராம் புரதம் எட்ட 625 கிராம் பவுடர் வேண்டும். அதோடு 2,600 கலோரி உள்ளே போகும். முதல் டயட்டீஷியனின் எண் அப்படியே டின் வழியாகத் திரும்பி வந்துவிடும். நூறு கலோரிக்கு எத்தனை கிராம் புரதம் என்பதுதான் கேள்வி. ஆறு ஏழாவது இருக்க வேண்டும். நாலு என்றால் அது மாவும் சர்க்கரையும். சுகர் நோயாளிக்கு எதற்கு?

ட்ரிப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டர் ஏறினால் 170 கலோரி உள்ளே போய்விட்டது. யாரும் அதைச் சாப்பாட்டுச் சீட்டில் எழுதுவதில்லை.

எந்தக் கணக்கும் ஊகம்தான். மூச்சுக்காற்றை அளந்து செலவைச் சொல்லும் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அதனால் 1,500-ல் தொடங்கி மூன்று நாலு நாள் பாருங்கள். இதுவரை நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருந்தால் மட்டும் பாதியில் தொடங்கி, ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். காய்ச்சல் இல்லாமலேயே இன்சுலின் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனால் கலோரி அதிகம். காயத்தின் அடித்தளம் சிவப்பாகச் சதை வைக்காமல் வெளிறிக் கிடந்தால் புரதம் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

நாளை டயட்டீஷியன் வந்ததும் எத்தனை கலோரி என்று கேட்காதீர்கள். "எந்த எடையை வைத்துப் போட்டீர்கள், அது எந்தத் தேதி எடை?" என்று கேளுங்கள். கேஸ் ஷீட்டில் உயரம் என்ற கட்டம் காலியாக இருந்தால், அம்மாவை நேராகப் படுக்கவைத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து நீங்களே அளந்து எழுதிக் கொடுங்கள்.