கரண்ட் நம்ப முடியாத இடத்தில் படப்பிடிப்பு: பவர் பேங்கா, ஜெனரேட்டரா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டுக்குள் குறும்படம் எடுக்கிறோம். மாலை 6 முதல் இரவு 11 வரை வேலை, கரண்ட் அடிக்கடி போகிறது. 60 வாட் எல்இடி விளக்கு இரண்டு, கேமரா, மானிட்டர், ரெக்கார்டர் இருக்கின்றன. பவர் பேங்க் போதுமா, சின்ன ஜெனரேட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: கேமராவுக்குப் பவர் பேங்க் போதும், விளக்குக்குப் போதாது. 20,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கினால் 74 வாட் ஹவர்தான் வரும், அதிலும் கைக்கு வருவது சுமார் 60. உங்கள் இரண்டு விளக்கும் அதை அரை மணி நேரத்தில் குடித்துவிடும். கேமரா, மானிட்டர், ரெக்கார்டர் மூன்றும் சேர்ந்து சுமார் 25 வாட் எடுக்கும் என்று வைத்தால், 5 மணி நேரத்துக்கு 125 வாட் ஹவர். அதற்கு மூன்று பவர் பேங்க் வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே டைப்-சி வழியாகப் பவர் எடுக்குமா என்று முதலில் பாருங்கள். சில மாடல்களில் அணைத்திருக்கும்போது மட்டுமே சார்ஜ் ஏறும்.

விளக்குக்கு 600 வாட் ஹவர் வேண்டும். 1,000 வாட் ஹவர் லித்தியம் பவர் ஸ்டேஷன், அதாவது இன்வெர்ட்டரும் உள்ளேயே இருக்கும் பெரிய பேட்டரிப் பெட்டி, ஒன்றில் இன்வெர்ட்டர் இழப்பு போக ஏறக்குறைய 850 கிடைக்கும், அதுவே தாராளம். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. வருடத்துக்கு இரண்டு படம் எடுப்பவர் இதை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். 'பியூர் சைன் வேவ்' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலிப்பதிவில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறலாம், விளக்கின் அடாப்டரும் சூடாகும்.

வீட்டுக்குள் வசனக் காட்சி எடுக்க ஜெனரேட்டர் வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. சத்தத்தை விடப் பெரிய பிரச்சினை அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் தெரியவரும், அதற்குள் ஆள் விழுந்துவிடலாம். தாழ்வாரம், திண்ணை, கதவு திறந்த அறை எதுவும் பாதுகாப்பில்லை. மறுநாளுக்கு ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்ற வேண்டியே வந்தால், அதை ஜன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வெட்டவெளியில் வையுங்கள். காற்று திசை மாறும், நடுநடுவே பாருங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். கேபிளைச் சுருளாக விடாமல் முழுதாக விரியுங்கள், சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகும்.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரையே எடுத்துவிடும்.

வாடகைப் பணம் கொடுக்குமுன், முழு சார்ஜில் இரண்டு விளக்கையும் ஒரு மணி நேரம் எரிய விடுங்கள். அளவு 14 சதவீதம் போல இறங்கினால் பேட்டரி நலம். 20க்கு மேல் இறங்கினால் அது களைத்துப்போன பேட்டரி. வேறு கேளுங்கள்.