நாள் தள்ளிப்போனது மார்ச்சிலேயே

மேடம், எனக்கு 26 வயது, கல்யாணமாகி ஒரு வருடம். கால் சென்டரில் வேலை. மார்ச் 9 முதல் 28 வரை நைட் ஷிஃப்ட், இப்போது பகல்தான். கடைசியாக மார்ச் 3 பீரியட்ஸ் வந்தது. எப்போதும் 29 நாளில் வந்துவிடும், ஏப்ரல் 1 வரவேண்டியது, இன்று 8 ஆகியும் காணோம். 1-ஆம் தேதியே கார்டில் டெஸ்ட் செய்தேன், ஒரு கோடுதான். அத்தை தினமும் "விசேஷமா?" என்கிறார். மணிக்கொரு தரம் பாத்ரூம் போய்ப் பார்க்கிறேன். நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகும் ஏன் வரவில்லை? இந்த டென்ஷன்தான் காரணமா?

அன்புத் தோழிக்கு,

கர்ப்பம் இல்லை என்றால், பெரும்பாலும் இந்த வார டென்ஷன் காரணமில்லை, மார்ச் மாதத்து ராத்திரிகள்தான். கருமுட்டை வெளியான பிறகு பீரியட்ஸ் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், அந்தப் பாதி லேசில் மாறாது. இழுபடுவது அதற்கு முந்தைய பாதி. தூக்கம் தலைகீழானால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞை தடுமாறி, முட்டை முதிர்வது தாமதமாகலாம். உங்களுக்கு மார்ச் 17 வாக்கில் முட்டை வெளியாகியிருக்க வேண்டும், அப்போது நீங்கள் நைட் ஷிஃப்டில் இருந்தீர்கள். அது 27-க்குத் தள்ளிப்போயிருந்தால் பீரியட்ஸ் ஏப்ரல் 10 வாக்கில்தான் வரும். இப்போது நன்றாகத் தூங்குவது அடுத்த சுற்றுக்கு உதவும், இந்தச் சுற்றின் தேதி அநேகமாக முன்பே முடிவாகிவிட்டது. அதனால் "நான் பயப்படுவதால்தான் வரவில்லை" என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இதே கணக்கில் ஒரு சிக்கலும் இருக்கிறது. முட்டை தாமதமாக வந்திருந்தால் கரு உண்டாவதும் தாமதமாகத்தானே ஆகும்? எனவே 1-ஆம் தேதி பார்த்த ஒற்றைக் கோட்டை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, காலை முதல் சிறுநீரில் இன்னொரு முறை பாருங்கள், அந்த முடிவை நம்பலாம். அதற்கு முன் பீரியட்ஸ் வரவைக்கும் மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மணிக்கொரு தரம் பார்ப்பது பயத்தைக் குறைக்காது, வளர்க்கும். பேடு கட்டிக்கொண்டு, சாதாரணமாகப் பாத்ரூம் போகும்போது மட்டும் கவனியுங்கள். ஆரம்பத்தில் கை பரபரக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். அத்தைக்குப் பதில் சொல்லும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். "நைட் ஷிஃப்டால தள்ளிப்போயிருக்கும்மா, ஏதாவதுன்னா நானே சொல்றேன்" என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும். மருமகள் சொன்னால் சாக்கு, மகன் சொன்னால் தகவல், நம் வீடுகளில் அப்படித்தான்!

சரி, டாக்டரிடம் எப்போது? டெஸ்ட் நெகட்டிவாகவே இருந்து மூன்று மாதம் பீரியட்ஸ் வராவிட்டாலோ, பகல் ஷிஃப்டிலும் தொடர்ந்து தள்ளிப்போனாலோ போங்கள், தைராய்டு, புரோலாக்டின், நீர்க்கட்டி எல்லாம் பார்ப்பார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தால் மட்டும், கூடவே தலைசுற்றல், ரத்தப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுநாள்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.